சிவப்புக் கோடு விழாத வரி

எனக்குத் தட்டச்சு வேகமாக வரும். அதுதான் வினையாகப் போனது. மெதுவாகத் தட்டுகிறவள் தான் என்ன தட்டுகிறாள் என்று பார்த்துக்கொண்டாவது இருப்பாள். நான் சன்னலுக்கு வெளியே காயப்போட்ட துணியைப் பார்த்துக்கொண்டே ஒரு பக்கத்தை முடித்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, வெட்கக்கேடு.

தொண்ணூறுகளின் நடுவில் பாரோய் என்ற ஊரில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். பகலில் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை, சாயங்காலம் முதுகலை ஆய்வேடு. அப்போதுதான் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஒரு சொல்லைத் தப்பாகத் தட்டினால் அதன் அடியில் சிவப்பாக ஒரு நெளிகோடு விழும். இன்னும் சில பிழைகளை அது என்னைக் கேட்காமலே திருத்திக்கொள்ளும். பழைய தட்டச்சு மெஷினில் வெள்ளை மை பூசிப் பூசி விரல் நாறியவள் நான். எனக்கு அது கடவுள் அனுப்பிய கிராணி, அதாவது குமாஸ்தா, போலத்தான் தெரிந்தது. சிவப்புக் கோடு இல்லையென்றால் பிழை இல்லை என்று முழுசாக நம்பினேன்.

ஆய்வு எதைப் பற்றி என்றால், தோட்டத்தில் மருந்து அடிக்கிற பெண்களைப் பற்றி. கோலா சாவா பக்கம் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில்தான் செய்தேன். என் அக்கா அங்கே மருந்து கேங்கில் வேலை செய்தாள். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே லாலான் புல்லுக்குக் களைக்கொல்லி அடிக்கிற வேலை. அந்தக் கேங்கை வேலை வாங்குகிற மண்டோர் அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான். அக்காவையும் சேர்த்துப் பன்னிரண்டு பெண்களிடம் பேசி, தமிழில் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தேன். அவர்கள் சொன்னதெல்லாம் நான்காம் அத்தியாயம். ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது.

பெண்களிடம் பேச மேனேஜர் அனுமதி கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டார். அத்தியாயத்தை முதலில் அவர் படிக்க வேண்டும். பிறகு அட்டை போட்டுக் கட்டிய ஆய்வேட்டில் ஒரு பிரதி ஆபீசுக்கு வரவேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். யார் பெயரும் போடமாட்டேன், எல்லாருக்கும் எண்தான். ஆனால் அந்தத் தோட்டத்தில் மருந்து கேங் ஒன்றுதான், அதற்கு மண்டோரும் ஒருவர்தான். 'மண்டோர்' என்று எழுதினால் அது யார் என்று மேனேஜருக்குத் தெரியாதா என்ன? அதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. அத்தானைப் பற்றிக் கேங் பெண்கள் நல்லதுதானே சொன்னார்கள் என்று இருந்துவிட்டேன்.

முடித்த அன்று அத்தியாயம் முழுக்கச் சிவப்புக் கோடாகக் கிடந்தது. லாலான், கங்காணி, மண்டோர், எல்லாம் அந்த மெஷினுக்குத் தெரியாத சொற்கள். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். மண்டோர் மட்டும் நாற்பது ஐம்பது இடத்தில் வந்தது. அதற்கு மெஷின் ஏதோ ஒரு சொல்லைக் காட்டியது. 'எல்லாவற்றையும் விட்டுவிடு' என்ற பொத்தானுக்குப் பக்கத்திலேயே 'எல்லாவற்றையும் மாற்று' என்ற பொத்தானும் இருந்தது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. எதையோ அழுத்தினேன். சிவப்புக் கோடு மொத்தமும் காணாமல் போனது. அப்பாடா என்று பாலை இறக்கப் போனேன்.

சனிக்கிழமை இரண்டு பிரதி அச்செடுத்தேன். ஒன்றை என் மேற்பார்வையாளருக்குத் தபாலில் அனுப்பினேன். இன்னொன்றைத் தோட்டத்து ஆபீசில் கிராணியிடம் கொடுத்துவிட்டு, அக்கா வீட்டில் மீன் சம்பால் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்பினேன். எனக்கு நிம்மதியாக இருந்த கடைசி நாள் அது.

அடுத்த வியாழக்கிழமை பள்ளிக்கூட ஆபீசுக்குப் போன் வந்தது. மேற்பார்வையாளர் கத்துகிற மனுஷி இல்லை. அன்றைக்கும் கத்தவில்லை, அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

"இது என்னம்மா, 'வெளிப்படைத்தன்மை எங்களை வரிசையில் நிற்கச் சொன்னது' என்று எழுதியிருக்கிறாய்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மெல்லச் சொன்னார். மண்டோர் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெளிப்படையாகப் பேசுவதைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல் உட்கார்ந்திருந்தது. முதல் எழுத்து மட்டும்தான் வேறு. அமெரிக்கக்காரன் எழுதுகிற மாதிரி எழுத்துக்கூட்டல் வேறு. மேனேஜர் என்று தட்டியதில் ஓர் எழுத்து விழுந்து, மாட்டுக்குத் தீனி போடுகிற தொட்டி ஆகியிருந்தது. மூன்று பிள்ளைகளை வைத்திருந்த விதவை, ஓர் எழுத்து கூடிப்போய், மூன்று பிள்ளைகளை வைத்திருந்த சன்னலாக நின்றாள். பெண்கள் காலையில் குடிக்கும் பாலில்லாத தேநீரான தே ஓவைக்கூட அது விடவில்லை. ஆங்கிலத்தில் எங்கும் வருகிற ஒரு சின்னச் சொல்லை நான் கைதவறித் தட்டினேன் என்று நினைத்து 'தே'யைத் தானே மாற்றி வைத்திருந்தது. எல்லாமே அகராதியில் இருக்கிற சொற்கள். ஒன்றின் அடியிலும் சிவப்பு இல்லை.

"அந்தப் பெண்கள் சொன்னதை நம்பித்தானே இந்த அத்தியாயம் நிற்கிறது? இப்படியிருந்தால் தேர்வாளர் எதை நம்புவார்? மாதக் கடைசிக்குள் சுத்தமாக வரவேண்டும். மறுபடியும் இப்படி வந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

வகுப்புக்குப் போய் கரும்பலகையில் தேதியைத் தப்பாக எழுதினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கால்வாயில் போட்டிருப்பேன். ஆனால் பொத்தானை அழுத்தியது யார்? நான்தானே.

அன்று சாயங்காலமே உட்கார்ந்தேன். மெஷின் தானாகத் திருத்தும் பட்டியலில் இருந்து 'தே'யை எடுத்தேன். மண்டோர், லாலான், கங்காணி எல்லாரையும் அதன் அகராதியில் சேர்த்தேன். தொட்டி, சன்னல் என்று எனக்குத் தெரிந்தவற்றையெல்லாம் பெயர் சொல்லித் தேடித் தேடிப் பிடித்தேன். தற்காலிகக் கூலிகள் என்று வரவேண்டிய இடத்தில் இரண்டு எழுத்து இடம் மாறி 'காரணக் கூலிகள்' என்று இருந்தது, ஐந்து இடத்தில். மற்ற அத்தியாயங்களுக்குக் கையெழுத்துப் படி இருந்தது. ஒரு ரூலரை வரிக்கு அடியில் வைத்து, கையெழுத்தையும் அச்சையும் மாறி மாறிச் சொல் சொல்லாகப் பார்த்தேன். நான்காம் அத்தியாயத்துக்கு அந்த வழியும் இல்லை. நோட்டிலிருந்த தமிழைப் பார்த்து நேராகக் கம்ப்யூட்டரிலேயே ஆங்கிலமாக்கித் தட்டியிருந்தேன். ஒத்துப்பார்க்க ஆங்கிலத்தில் வேறு படி கிடையாது.

கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குப் பின்னோக்கிப் படித்தேன். கண் எழுதினதைப் பார்க்கவில்லை, நான் நினைத்ததைத்தான் பார்த்தது. சரியாக இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சோற்றில் கல் இருக்கும் என்று தெரிந்த பிறகு சாப்பிடுவது எப்படியிருக்கும்? அப்படி இருந்தது. ஒவ்வொரு வரியிலும் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். மேனேஜரிடம் இருந்த பிரதியைத் திருப்பி வாங்க வேண்டும் என்ற பதற்றம் வேறு. ஆபீஸ் பூட்டியிருந்தது. அக்கா வீட்டில் அத்தான் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். என் மூஞ்சியைப் பார்த்ததும் கேட்டார்.

"என்னாலா டீச்சர், யாரும் அடிச்சிட்டாங்களா?"

நடந்ததைச் சொன்னேன். மண்டோர் வெளிப்படைத்தன்மையான கதையைக் கேட்டு அவர் துடைக்கிற துணியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

"அந்த மெஷின் காலையில ஆள் கணக்கு பாக்க பெரட்டு எடுக்கிற மாதிரி இருக்குலா. புது கிராணி ஒருத்தன் இருந்தான். தலைய குனிஞ்சிக்கிட்டே பேர கூப்பிடுவான். எவளோ ஒருத்தி குரல் குடுத்தா போதும், டிக் போட்டுடுவான். வீட்டுல படுத்து தூங்குறவளுக்கும் பேர் விழுந்துடும். பேர கூப்பிட்டா மூஞ்சிய பாக்கணும்லா."

அவர் விளையாட்டாகச் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. என் அத்தியாயத்தில் எத்தனை சொல் இன்னொன்றின் பெயரில் குரல் கொடுத்துக்கொண்டு நிற்கிறதோ? மூஞ்சி தெரிந்தவர்கள் யார்? சொன்ன பெண்கள்தான். அவர்களில் ஒருத்திக்கும் ஆங்கிலம் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, நான் தமிழில் சொன்னால் தெரிந்துவிடப் போகிறது.

அக்காவையும் கேங்கில் இன்னும் மூன்று பேரையும் உட்கார வைத்தேன். முதல் பக்கத்தை மளமளவென்று தமிழில் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். இரண்டாம் பக்கத்தில்தான் உறைத்தது, நான் தாளைப் படிக்கவே இல்லை. நினைவில் இருந்ததைச் சொல்லிக்கொண்டு போகிறேன். என் மேலேயே எனக்குச் சீ என்று வந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். விரலை ஒவ்வொரு சொல்லுக்குக் கீழும் வைத்து, அந்த ஒரு சொல்லுக்கு என்ன பொருளோ அதை மட்டும் சொன்னேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை படிப்பது போல இருந்திருக்கும்.

"இது என்னடி இழுவ," என்றாள் அக்கா. ஆனால் எழுந்து போகவில்லை.

மூன்றாம் பக்கத்தில் ஒருத்தி நிறுத்தினாள். கண் எரிச்சல் நாலு நாள் இருந்தது என்று சொன்னாளாம், நான் நாற்பது நாள் என்று எழுதியிருந்தேன். ஐந்தாம் பக்கத்தில் கையுறை கிழிந்தது என்பதற்கு வேறென்னவோ வந்தது. பிறகு அக்கா சொன்ன பகுதிக்கு வந்தேன். மண்டோரைப் பற்றிய பத்தி. விரலை வைத்துப் படித்தேன்.

"முழுகாம இருக்குறவங்கள... அவரு... இப்ப... பம்போட அனுப்புவாரு."

அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

"என்னாது? நான் எங்கடி அப்படி சொன்னேன்? அவரு அனுப்ப மாட்டாருன்னுதானே சொன்னேன்!"

தாளைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். 'இல்லை' என்று மறுக்கிற மூன்று எழுத்துச் சொல்லின் கடைசி எழுத்து மாறி 'இப்போது' ஆகிக் கிடந்தது. வாக்கியத்தில் இலக்கணப் பிழைகூட இல்லை. மேற்பார்வையாளரும் அதைத் தாண்டிப் போயிருக்கிறார். நான் எட்டு முறையாவது தாண்டிப் போயிருப்பேன்.

அக்கா என்ன சொன்னாள் என்று நோட்டில் இருந்தது. முன்பெல்லாம் மாசமாக இருந்தவர்களும் பம்பு தூக்கினார்கள். ஒருத்திக்குப் பிள்ளை வயிற்றிலேயே போனது. என் வீட்டுக்காரர் மண்டோர் ஆன பிறகு, முழுகாமல் இருப்பவர்களைப் பம்போடு அனுப்பமாட்டார், நர்சரியில் நாற்றுக்கு மண் போட விட்டுவிடுவார். அக்கா அதைப் பெருமையாகச் சொன்னாள். காலுக்கடியில் அரிவாள்மணை, முன்னால் கீரை, முகமெல்லாம் சிரிப்பு. அதைத்தான் நான் ஓர் எழுத்தில் கொலைகாரனின் காரியமாக்கி மேனேஜர் மேசையில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

"தொர படிச்சிருப்பாரா?" என்று அக்கா மேனேஜரைப் பற்றிக் கேட்டாள். குரல் தேய்ந்து போயிருந்தது. "இவர வேலைய விட்டு தூக்கிட்டா எங்கடி போவோம்? வீடும் போயிடுமே."

அத்தான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளைத் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுத் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். பாரோயிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் என்னென்ன சொல்லவேண்டும் என்று பத்து விதமாக ஒத்திகை பார்த்துவிட்டேன். சார், அது என் கைப்பிழை. சார், மண்டோர் அப்படிப்பட்டவர் இல்லை. சார், காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

மேனேஜர் சிரித்த முகமாக இருந்தார். உட்காரச் சொன்னார். அத்தியாயம் அவர் மேசையிலேயே இருந்தது. படித்துவிட்டாராம். ஒரு பத்திகூட விடாமல் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் டிக் போட்டிருந்தார்.

"நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "ஆனால் என்னைத் தீனித் தொட்டி ஆக்கிவிட்டீர்கள், டீச்சர். மண்டோரையும் என்னவோ ஆக்கிவிட்டீர்கள். அது மண்டோர்தான் என்று நான் புரிந்துகொண்டேன். எல்லா இடத்திலும் திருத்திக் கொடுத்திருக்கிறேன்."

பக்கங்களைப் புரட்டினேன். தொட்டி வந்த இடமெல்லாம் வட்டம் போட்டு மேனேஜர் என்று எழுதியிருந்தார். மண்டோரையும் ஒரு இடம் விடாமல் திருத்தியிருந்தார். மனுஷன் கவனமாகத்தான் படித்திருக்கிறார். அந்தப் பத்திக்கு வந்தேன். மண்டோரைத் திருத்தியிருந்தார். அதற்கு அடுத்த வரிதான் அது. முழுகாமல் இருப்பவர்களை அவர் இப்போது பம்போடு அனுப்புவார். ஓரத்தில் அழகாக ஒரு டிக்.

அந்த டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் அதைச் செய்வது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என்ன செய்வது என்றும் தெரிந்திருந்தது. அவருக்கு அதில் ஆட்சேபணை இல்லை. சரி, வேலை நடக்கிறது, அவ்வளவுதான். நான் ஒத்திகை பார்த்த பத்துப் பேச்சும் வீணாகிப் போயின. அத்தானுக்கு ஆபத்து பிழையான வரியில் இல்லை. சரியான வரியில்தான் இருந்தது. நர்சரிக்கு யாரை அனுப்புவது என்று மேனேஜர் அல்லவா சொல்ல வேண்டும்? அத்தான் யாரையும் கேட்காமல் செய்துகொண்டிருந்தார். அக்கா அதைக் கீரை ஆய்ந்தபடி என்னிடம் சொன்னாள், நான் அதை எழுதி வைத்தேன். அடிப்பாவி, என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"இன்னும் சில எழுத்துப் பிழை இருக்கு சார். திருத்திட்டு வர்றேன்," என்று தாளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். கட்டிய பிரதியை ஆபீசுக்கு மறக்காமல் அனுப்பச் சொன்னார்.

நேராக லயத்துக்கு, தோட்டத்து வீட்டு வரிசைக்குப் போனேன். கேங் வேலை முடிந்து வரும்வரை அக்கா வீட்டு வாசலில் காத்திருந்தேன். இரண்டு பேரும் வந்ததும் சொன்னேன். சொல்லச் சொல்ல அக்கா பம்பு வார் அழுத்திய தோளைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அந்த வரியையே எடுத்துடு," என்றாள். "யாரு கேக்கப்போறா? அவருக்குத் தெரிஞ்சா போதும், ஒனக்குத் தெரிஞ்சா போதும்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. எடுத்துவிட்டால் பிழையும் இல்லை, ஆபத்தும் இல்லை. "எடுத்துடறேங்கா," என்றேன்.

"எடுத்தா மிச்சம் என்னா இருக்கும்?" என்று அத்தான் கேட்டார்.

அந்தப் பத்தியைத் தமிழில் சொன்னேன். மாசமாக இருந்தவர்கள் பம்பு தூக்கினார்கள். ஒருத்திக்குப் பிள்ளை போனது. அந்த வரி இல்லாவிட்டால் அது அங்கேயே முடிந்துவிடும்.

"அப்ப படிக்கிறவன் என்னா நெனப்பான்? இந்த மண்டோர் காலத்துலதான் போச்சுன்னு நெனப்பான்லா?"

"தோட்டத்து பேரே அதுல இல்ல அத்தான். யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்." சட்டைப் பித்தானைப் போட்டு அவிழ்த்து, போட்டு அவிழ்த்து, பிறகு சொன்னார். "நான் துணிஞ்சி அந்த புள்ளைங்கள ஒதுக்கி வச்சேன். புஸ்தகத்துல நான் கொன்னவனா இருக்கணுமா? அவ சொன்னத அப்படியே எழுது. நான் செஞ்சதத்தான் அவ சொன்னா."

"தொர கேப்பாரே," என்றாள் அக்கா.

"கேக்கட்டும்லா. கேட்டா பதில் சொல்றேன்."

அக்கா அழுதாள். ஒரு எழுத்தை மாற்ற ஒரு குடும்பமே உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசிக்கொண்டிருந்தது. அந்த எழுத்து என் விரலில் இருந்து வந்தது என்பதை நினைக்க நினைக்க எனக்கு எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் என்றிருந்தது.

வீட்டுக்கு வந்து 'இப்போது' என்ற சொல்லை ஆய்வேடு முழுக்க மெஷினைத் தேடச் சொன்னேன். நின்ற ஒவ்வொரு இடத்திலும் மூஞ்சியைப் பார்த்தேன். இன்னும் இரண்டு இடத்தில் அதே மாதிரி மறுப்பு ஆமோதிப்பாகிக் கிடந்தது. இரண்டையும் திருத்தினேன். நாலு நாளைத் திருத்தினேன், கையுறையைத் திருத்தினேன். கடைசியில் அக்காவின் வரிக்கு வந்து அந்த ஓர் எழுத்தை அழித்து, வேறோர் எழுத்தைத் தட்டினேன். அன்றைக்கு மட்டும் விசைப்பலகையைப் பார்த்துத்தான் தட்டினேன்.

மறுநாள் திருத்திய பக்கத்தை மேனேஜரிடம் கொடுத்தேன். முதல் தடவை கவனமாகப் படித்தவர், அன்றும் கவனமாகப் படித்தார். ஒரு இடத்தில் நின்றார். திரும்பப் படித்தார்.

"அனுப்பமாட்டாரா?" என்றார். "இது யாருடைய உத்தரவு?"

நான் தாளை வாங்கக் கையை நீட்டினேன். அவரும் என்னிடம் அதற்கு மேல் கேட்கவில்லை. அத்தியாயத்தை மாற்றச் சொல்லவும் இல்லை. ஓரத்தில் டிக் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

மாதக் கடைசிக்குள் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டார். சுத்தமாக இருக்கிறது என்று சொன்னார், நான் அதைக் கேட்டுச் சந்தோஷப்படவில்லை. அதற்குள் அத்தானை மண்டோர் வேலையிலிருந்து எடுத்து, ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போட்டுவிட்டார்கள். வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. அதுவரை பரவாயில்லை என்று அக்கா சொன்னாள், இரண்டு மூன்று தடவை சொன்னாள். அத்தான் என் மேல் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பழையபடி டீச்சர் டீச்சர் என்று கேலி செய்வதை மட்டும் நிறுத்திவிட்டார்.

பட்டம் வாங்கிய பிறகு, கறுப்பு அட்டை போட்ட ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். ஆபீசுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. அவளால் படிக்க முடியாதுதான். இருந்தாலும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெளியே கேங் பெண்கள் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் பின்னால் ஓர் இளம்பெண் காலை அகட்டி அகட்டி நடந்து வந்தாள். ஏழு மாசம் இருக்கும். முதுகில் பம்பு இருந்தது.

"புது மண்டோர் அனுப்புறான்," என்றாள் அக்கா. "தொர சொல்லிட்டாராம், எல்லாரும் போகணும்னு."

நான் அந்தப் பெண் பம்பை இறக்கி வைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் புத்தகத்தில் ஒரு பிழையும் இல்லை. நானே மூன்று முறை பார்த்திருந்தேன். அந்த வரி இப்போது பொய்யாகிவிட்டது. முதலில் நான் தப்பாகத் தட்டினேனே, மேனேஜர் டிக் போட்டாரே, அதுதான் உண்மையாக நடந்துகொண்டிருந்தது.

அக்கா அட்டையைத் தடவினாள். "நான் சொன்னது எந்தப் பக்கத்துல இருக்கு?"

பக்கத்தை எடுத்து விரலை வைத்துக் காட்டினேன்.

"அனுப்ப மாட்டாருன்னுதானே இருக்கு?"

"ஆமாங்கா."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேங்கா."

அவள் அந்த வரியின் மேல் தன் விரலையும் வைத்துக்கொண்டாள். மருந்து பட்டு நகமெல்லாம் வெடித்த விரல். பிறகு "இருக்கட்டும்," என்றாள். புத்தகத்தை மூடிக் கொண்டுபோய்ச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.